கடன் விகிதம் 57-லிருந்து 50-க்கு: மூன்று பாதைகளில் எதை எடுப்பது?

2025 பிப்ரவரி பட்ஜெட்டோடு மத்திய அரசு தன் நிதி இலக்கின் வடிவத்தையே மாற்றியது. ஆண்டுதோறும் நிதிப் பற்றாக்குறை இத்தனை சதவீதம் என்று சொல்லிவந்தது போய், 2031 மார்ச் 31-க்குள் கடனை ஜிடிபியில் 50 சதவீதத்துக்குக் கொண்டுவருவோம், 1 புள்ளி மேலே கீழே இருக்கலாம் என்று அறிவித்தது. 2025 மார்ச் முடிவுக்கான மதிப்பீடு 57.1. ஆக, ஆறு பட்ஜெட்டுகளில் ஏறத்தாழ 7 புள்ளி இறங்க வேண்டும். வரம்பின் மேல்முனையான 51 போதும் என்றாலும் 6 புள்ளி.

எந்தப் பாதையில் இறங்குவது என்பதில்தான் தேர்வு இருக்கிறது. அதை எடைபோட ஒரே ஒரு சமன்பாடு போதும். ஆனால் அதில் வரும் மூன்று எண்களையும் சரியாகப் புரிந்துகொண்டு போட வேண்டும்.

```
d(t) = d(t-1) × (1 + r) / (1 + g) + p(t)
```

இதில் d கடன் விகிதம். r பழைய கடனுக்கு அரசு சராசரியாகக் கட்டும் வட்டி வீதம். g பெயரளவு ஜிடிபி வளர்ச்சி, அதாவது விலை உயர்வும் சேர்ந்தது. p முதன்மைப் பற்றாக்குறை: நிதிப் பற்றாக்குறையிலிருந்து வட்டிச் செலவைக் கழித்தால் மிஞ்சுவது. உபரி என்றால் p-க்குக் கழித்தல் குறி வரும்.

சதவீதமாகப் பார்ப்பதற்கு முன் ஒருமுறை ரூபாயிலேயே போட்டுப் பார்த்துவிடலாம். 2024-25 ஜிடிபி மதிப்பீடு 324 லட்சம் கோடி. அதில் 57.1 சதவீதம் என்றால் கடன் 185 லட்சம் கோடி. 2025-26 பட்ஜெட்டில் வட்டிக்கு ஒதுக்கியது 12.76 லட்சம் கோடி. இதை 185-ஆல் வகுத்தால் 6.9 சதவீதம். கணக்கு எளிதாக இருக்க r = 7 என்று வைத்துக்கொள்வோம். அப்போது வட்டி 12.95. முதன்மைப் பற்றாக்குறை 2.93 லட்சம் கோடி, ஜிடிபியில் 0.8 சதவீதம். ஆண்டு முடிவில் கடன் 185 + 12.95 + 2.93 = 200.9 லட்சம் கோடி.

இதே ஆண்டில் ஜிடிபி 10 சதவீதம் வளர்ந்தால் 356.4 ஆகிறது. 200.9-ஐ அதால் வகுத்தால் 56.4. முக்கால் புள்ளி இறங்கியாயிற்று. வளர்ச்சி 8 சதவீதம்தான் என்றால் ஜிடிபி 349.9, விகிதம் 57.4. முந்தைய கணக்கைவிடக் கடன் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை, செலவில் யாரும் கைவைக்கவில்லை, ஆனாலும் இறங்க வேண்டிய விகிதம் ஏறிவிட்டது. இறங்குவதா ஏறுவதா என்பதை இங்கே தீர்மானித்தது வகுக்கும் எண்தான்.

இது கற்பனையாகக் கூட்டிச் சொன்ன வித்தியாசமும் அல்ல. 2025-26 பட்ஜெட் பெயரளவு வளர்ச்சியை 10.1 சதவீதம் என்று எடுத்தது. 2026 ஜனவரியில் வந்த முதல் முன்மதிப்பீட்டில் நிஜ வளர்ச்சி 7.4, பெயரளவு வளர்ச்சி 8.0. செய்தித் தலைப்புகள் 7.4-ஐக் கொண்டாடின, அது நியாயமும்தான். ஆனால் கடன் கணக்குக்குள் போவது 8.0. விலைவாசி அடங்கியது குடும்பத்துக்கு நல்ல சேதி; கடன் விகிதத்துக்கு அதுவே பாரம்.

## எவ்வளவு பற்றாக்குறை தாங்கும்?

சமன்பாட்டில் d(t)-யும் d(t-1)-ம் ஒன்றே என்று வைத்தால், விகிதம் அசையாமல் நிற்கத் தேவையான முதன்மைப் பற்றாக்குறை கிடைக்கும்:

```
p* = d × (g − r) / (1 + g)
```

இதுவே கடன் தாங்குமா என்பதற்கான நிபந்தனை. உண்மையான p இதற்குக் கீழே இருந்தால் விகிதம் இறங்கும், மேலே இருந்தால் ஏறும். d = 57, r = 7 என்று வைத்து g-ஐ மட்டும் மாற்றினால், 10 சதவீத வளர்ச்சியில் p* = 1.55, 9 சதவீதத்தில் 1.05, 8 சதவீதத்தில் 0.53; 7 சதவீதத்தில் சுழியம். பட்ஜெட்டில் இருக்கும் 0.8 முதல் இரண்டு நிலைகளில் பாதுகாப்பானது, மூன்றாவதில் அல்ல.

வளர்ச்சி வட்டியைவிட அதிகமாக இருக்கும்வரை கடன் வெடிக்காது என்பது சரியே. ஆனால் எங்கே போய் நிற்கும் என்பது வேறு கேள்வி. 0.8 பற்றாக்குறையை நிரந்தரமாக வைத்துக்கொண்டால் விகிதம் கடைசியில் சென்று சேரும் இடம் `p × (1 + g) / (g − r)`. 10 சதவீத வளர்ச்சியில் அது 29. 9-இல் 44. 8-இல் 86. 7.5-இல் 172. வளர்ச்சி 10-லிருந்து 9-க்கு வந்தால் ஏறத்தாழ 14 புள்ளி கூடுகிறது, 9-லிருந்து 8-க்கு வந்தால் 43 புள்ளி. வித்தியாசம் சுருங்கச் சுருங்க வகுக்கும் எண் சுழியத்தை நெருங்குவதுதான் காரணம். g கொஞ்சம் r-ஐவிட அதிகம், அதனால் கவலையில்லை என்று சொல்பவர்கள் அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று சொல்லியாக வேண்டும்.

## மூன்று பாதைகள்

முதல் ஆண்டு, 2025-26, எல்லாப் பாதைக்கும் பொது; அந்த பட்ஜெட் போட்டாகிவிட்டது, p = 0.8. பிறகுதான் பிரிகின்றன.

இப்படியே: ஆறு ஆண்டும் 0.8. புதிதாக எதையும் வெட்ட வேண்டாம், வளர்ச்சி தானாக இறக்கட்டும்.

படியிறக்கம்: 0.8, 0.6, 0.4, 0.2, 0, 0. ஆண்டுக்கு 0.2 புள்ளி குறைத்து ஐந்தாம் ஆண்டில் சுழியத்துக்கு வருவது.

வேகம்: 0.8, 0, பிறகு நான்கு ஆண்டும் 0.5 சதவீத முதன்மை உபரி.

r = 7 என்று நிலையாக வைத்து, மூன்று வளர்ச்சி வீதங்களில் 2031 மார்ச்சில் வரும் விகிதம்:

| பாதை | g = 10 | g = 9 | g = 8 |
|---|---|---|---|
| இப்படியே | 52.9 | 55.7 | 58.7 |
| படியிறக்கம் | 50.2 | 53.0 | 55.9 |
| வேகம் | 47.1 | 49.9 | 52.8 |

விரிதாளில் போட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கு: B நிரலில் விகிதம், C நிரலில் p, G1-இல் r, G2-இல் g. எல்லாமே சதவீத வடிவில் இருக்கட்டும். B2-இல் 57.1%, B3-இல் கீழே உள்ளது, அதை B8 வரை இழுத்துவிட்டால் முடிந்தது.

```
=B2*(1+$G$1)/(1+$G$2)+C3
```

அட்டவணையில் ஒரு விஷயம் கண்ணில் படும். வளர்ச்சி ஒரு புள்ளி குறைந்தால் ஏறக்குறைய 3 புள்ளி போகிறது. ஒரு பாதையிலிருந்து அடுத்ததற்குத் தாவினால் கிடைப்பதும் ஏறக்குறைய 3 புள்ளிதான். அதனால் 10 சதவீத வளர்ச்சியில் ‘இப்படியே’ போனாலும், 8 சதவீத வளர்ச்சியில் ‘வேகம்’ எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம்: 52.9, 52.8. அரசின் கையில் இருப்பது பாதை. வளர்ச்சி கையில் இல்லை. பட்ஜெட்டில் g-ஐ ஒரு புள்ளி கூட்டி எழுதுவது ஒரு பாதையையே இலவசமாக வாங்கிக்கொள்வது போன்றது. எந்தக் கடன் திட்டத்தையும் படிக்கும்போது முதலில் p-ஐப் பார்க்காமல் g-ஐப் பாருங்கள்.

p-யோடு வட்டிச் செலவையும் கூட்டி, பழகிய நிதிப் பற்றாக்குறையாக மாற்றினால் பாதைகளின் கடுமை இன்னும் தெளிவாகும். 10 சதவீத வளர்ச்சியில் 2030-31-இன் நிதிப் பற்றாக்குறை ‘இப்படியே’யில் 4.2, ‘படியிறக்க’த்தில் 3.3, ‘வேக’த்தில் 2.6 சதவீதம். 2025-26-க்கு இதே வழியில் கணக்கிட்டால் 4.4 வருகிறது, பட்ஜெட்டில் இருப்பதும் 4.4 தான். r = 7 என்று எடுத்தது தவறில்லை என்பதற்கு இது ஒரு சின்னச் சோதனை.

## ‘இப்படியே’ ஏன் போதாது

10 சதவீத வளர்ச்சி ஆறு ஆண்டும் தொடர்ந்தால்கூட இது 52.9-இல் நிற்கிறது. வரம்பின் மேல்முனையான 51-ஐயும் தொடவில்லை. 10.5 சதவீதம் வந்தாலும் 51-க்குச் சற்று மேலேதான். அறிவித்த இலக்கோடு பொருந்தாத பாதை என்பதால் இதைத் தள்ளிவிடலாம்.

தள்ளுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இடையில் ஓர் அடி விழுந்தால் என்ன ஆகும் என்பதை 2020-21 காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு முடிவில் மத்திய அரசின் கடன் 51 சதவீதத்தை ஒட்டி இருந்தது. கோவிட் ஆண்டில் பெயரளவு ஜிடிபி 1 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகச் சுருங்கியது; முதன்மைப் பற்றாக்குறை 5.7-ஐத் தொட்டது. சமன்பாட்டில் போடுங்கள்: 51 × 1.07 ÷ 0.988 = 55.2. அதோடு 5.7 சேர்த்தால் 60.9. பதிவான விகிதமும் 61-ஐ ஒட்டியதே. ஒரே ஆண்டில் 10 புள்ளி ஏற்றம். அதில் 4 புள்ளிக்கு மேல் முதன்மைப் பற்றாக்குறையால் வந்ததல்ல; பழைய கடனுக்கு வட்டி ஏறும்போது வகுக்கும் எண் வளராமல் சுருங்கியதால் வந்தது. அந்தப் 10 புள்ளியைத் திரும்ப இறக்கத்தான் இப்போது இத்தனை பாடு. ‘இப்படியே’ பாதையில் 2031-இல் 53-இல் இருக்கும்போது அப்படி ஓர் அடி விழுந்தால் 63-இலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

## ‘வேகம்’ ஏன் தாளில் மட்டும் அழகு

9 சதவீத வளர்ச்சியிலும் 49.9-க்கு வந்துவிடும் ஒரே பாதை இது. பிரச்சினை, நான்கு ஆண்டு தொடர்ந்து முதன்மை உபரி. மத்திய அரசு அண்மைக் காலத்தில் தெளிவான முதன்மை உபரி காட்டியது 2006-07, 2007-08 ஆகிய இரண்டே ஆண்டுகளில். அப்போது பெயரளவு வளர்ச்சி இரட்டை இலக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது, வரி வசூல் அதையும் முந்தியது. 2025-26 பட்ஜெட்டில் வருவாய் வரவு 34.2 லட்சம் கோடி. அதில் 37 சதவீதம் வட்டிக்கே போகிறது. மிச்சத்துக்குள் சம்பளம், ஓய்வூதியம், பாதுகாப்பு, மானியம் எல்லாம் அடங்கிய பிறகு உபரி காட்ட வேண்டுமென்றால் வெட்டு எங்கே விழும் என்று யூகிப்பது கடினமில்லை. மூலதனச் செலவில்தான் விழும். அதை நிறுத்தினால் தெருவில் யாரும் கொடிபிடிக்க மாட்டார்கள்.

அந்த வெட்டு சமன்பாட்டையே திருப்பி அடிக்கும். இதை மெதுவாகப் பார்க்கலாம். ஜிடிபியில் 0.7 சதவீதம் அளவுக்குச் செலவை வெட்டுகிறோம். கடன் விகிதம் 55. வெட்டால் ஜிடிபியே குறையாது என்றால் விகிதம் அந்த ஆண்டு 0.7 புள்ளி இறங்கும். வெட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ஜிடிபி ஒரு ரூபாய் குறைந்தால், அதாவது பெருக்கி 1 என்றால், வகுக்கும் எண் 0.7 சதவீதம் சுருங்கி விகிதத்தை 0.55 × 0.7, அதாவது கிட்டத்தட்ட 0.39 புள்ளி உயர்த்தும். நிகர லாபம் 0.31. பெருக்கி 2 என்றால் உயர்வு 0.77, வெட்டியதைவிட அதிகம். வயிற்றைக் கட்டியும் அந்த ஆண்டு விகிதம் ஏறும். வரி வசூலில் வரும் இழப்பை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சாலை, ரயில் போன்ற மூலதனச் செலவின் பெருக்கி 1-க்கு மேல், வருவாய்ச் செலவினுடையது 1-க்குக் கீழ் என்பதே இந்தியாவைப் பற்றிய ஆய்வுகள் பலவற்றின் முடிவு. ஆகவே p-ஐ எவ்வளவு குறைப்பது என்பதோடு எதைக் குறைத்து அடைவது என்பதும் கணக்கின் பகுதியே. பட்ஜெட் ஆவணத்தில் p மட்டும் இறங்கியிருந்தால் போதாது. மூலதனச் செலவு ஜிடிபியில் 3.1 சதவீதமாக இருந்தது, அது அப்படியே நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

## r எந்த r?

கணக்கு தவறுவதற்கு மிக வாடிக்கையான இடம் இது. பலரும் 10 ஆண்டு அரசுப் பத்திரத்தின் அன்றைய சந்தை வட்டியை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது புதிதாக வாங்கப்போகும் கடனின் விலை. சமன்பாட்டுக்கு வேண்டியது ஏற்கெனவே இருக்கும் மொத்தக் கடனின் சராசரி விலை: இந்த ஆண்டு வட்டிச் செலவு ÷ போன ஆண்டு முடிவுக் கடன்.

இரண்டும் ஒன்றாக நகர்வதில்லை. மத்திய அரசின் நிலுவைப் பத்திரங்களின் சராசரி முதிர்வுக் காலம் 12 ஆண்டுகளுக்கு மேல். 2025-26-இல் பத்திரங்கள் வழியே வாங்கத் திட்டமிட்ட மொத்தக் கடன் 14.82 லட்சம் கோடி. 185-இல் இது 8 சதவீதம். எனவே சந்தை வட்டி திடீரென்று ஒரு புள்ளி ஏறினாலும் சராசரி r முதல் ஆண்டில் 0.1 அளவுக்குத்தான் ஏறும். இது கேடயம். ஆனால் கேடயத்துக்கு மறுபக்கமும் உண்டு: சந்தை வட்டி இறங்கினாலும் r அதே மந்தத்தில்தான் இறங்கும்.

g-க்கு இந்த மந்தம் கிடையாது. விலைவாசி உயர்வு அடங்கிய அதே ஆண்டில் பெயரளவு வளர்ச்சி விழுந்துவிடும். 2025-26-இல் நடந்தது இதுதான்: g இரண்டு புள்ளி நழுவியது, r அசையவில்லை. இடைவெளி எதிர்பார்த்த 3-லிருந்து 1-க்குச் சுருங்கியது. பணவீக்கம் இறங்கினால் வட்டியும் இறங்கிச் சரியாகிவிடும் என்ற வாதம் பத்து ஆண்டுக் கணக்கில் சரி; ஆறு ஆண்டு இலக்கைக் காப்பாற்றாது.

இன்னும் சில பிசகுகள். நிஜ வளர்ச்சியையும் பெயரளவு வட்டியையும் சேர்த்துப் போடுவது. அப்படிச் செய்தால் இந்தியக் கடன் எப்போதுமே மூழ்குவது போலத் தோன்றும். அடுத்தது, (1 + g)-ஆல் வகுக்க மறப்பது. 57.1 × 3% = 1.71, வகுத்தால் 1.56. ஆண்டுக்கு 0.15 என்பது அற்பமாகத் தெரியும், ஆறு ஆண்டில் ஒரு புள்ளியை நெருங்கிவிடும். இலக்கின் வரம்பே ஒரு புள்ளிதான்.

மூன்றாவது பிசகு சமன்பாட்டுக்கு வெளியே இருக்கிறது. பற்றாக்குறை வழியாக வராமலே கடன் கூடலாம். உதய் திட்டத்தில் மின் விநியோக நிறுவனங்களின் கடனில் 75 சதவீதத்தை மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன; தமிழ்நாடும் 2017-இல் அதில் சேர்ந்தது. அன்றுவரை மாநிலக் கணக்கில் இல்லாத கடன் ஒரே கையெழுத்தில் உள்ளே வந்தது. மத்தியில் இந்திய உணவுக் கழகம் சிறுசேமிப்பு நிதியிலிருந்து வாங்கிவந்த கடனை 2020-21 திருத்த மதிப்பீட்டில் பட்ஜெட்டுக்குள் கொண்டுவந்தார்கள். நேர்மையான வேலைதான், ஆனால் அந்த ஆண்டுப் பற்றாக்குறை அதனாலும் வீங்கியது. வெளிநாட்டு நாணயக் கடன் அதிகமுள்ள நாட்டில் இப்படி வெளியிலிருந்து வந்து சேரும் ஏற்றம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். 2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த இலங்கை நாணயம் மே மாதத்தில் 360-ஐத் தொட்டது. டாலர் கடனில் ஒரு டாலர்கூடக் கூடாமல், ரூபாயில் அது 80 சதவீதம் கனத்துவிட்டது. r, g, p மூன்றையும் எவ்வளவு துல்லியமாகப் போட்டிருந்தாலும் அந்த ஆண்டுக்கு உதவியிருக்காது. இந்திய மத்திய அரசின் கடனில் வெளிநாட்டுக் கடனின் பங்கு மிகச் சிறிது என்பதால் இங்கே அந்தப் பதத்தை விட்டுவிட்டுக் கணக்கிட முடிகிறது.

## படியிறக்கம், ஆனால் 2028-இல் ஒரு சோதனைச் சாவடியோடு

எஞ்சுவது நடுப்பாதை. அதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 10 சதவீத வளர்ச்சியில் 50.2 வருகிறது, 9-இல் 53.0. ஆண்டுவாரியாக:

| மார்ச் முடிவு | p | g = 10 | g = 9 |
|---|---|---|---|
| 2026 | 0.8 | 56.3 | 56.9 |
| 2027 | 0.6 | 55.4 | 56.4 |
| 2028 | 0.4 | 54.3 | 55.8 |
| 2029 | 0.2 | 53.0 | 55.0 |
| 2030 | 0 | 51.6 | 53.9 |
| 2031 | 0 | 50.2 | 53.0 |

முதல் ஆண்டில் இரண்டுக்கும் வித்தியாசம் அரைப் புள்ளி. ஜிடிபி மதிப்பீடுகள் திருத்தப்படும்போது அதே அளவு ஏறி இறங்கும் என்பதால் அப்போதே பாதையை மாற்றுவது அவசரம். 2028 மார்ச்சில் வித்தியாசம் 1.5 புள்ளி, திருத்தங்களை மீறித் தெரியும். ஆகவே அங்கே 55 என்று கோடு போடலாம். விகிதம் அதற்குக் கீழே இருந்தால் பாதையைத் தொடவே வேண்டாம். மேலே இருந்தால் மீதி மூன்று ஆண்டுகளிலும் p-ஐத் திட்டத்தைவிட 0.7 குறைக்க வேண்டும்: 0.2, 0, 0 என்பதற்குப் பதில் −0.5, −0.7, −0.7. 9 சதவீத வளர்ச்சியிலேயே 2031-இல் 50.9 வந்துவிடும்.

முன்பே செய்தால் எவ்வளவு, தள்ளிப்போட்டால் எவ்வளவு? 2027 மார்ச்சிலேயே முடிவெடுத்தால் ஆண்டுக்கு 0.5 போதும், ஆனால் தவறாக முடிவெடுக்கும் வாய்ப்பு அதிகம். 2029 வரை காத்திருந்தால் இரண்டே ஆண்டில் 1.0 வீதம் வெட்ட வேண்டும். 0.7 என்பதே 2025-26 ஜிடிபி அளவில் 2.5 லட்சம் கோடி. அந்த ஆண்டின் 11.21 லட்சம் கோடி மூலதனச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். 1.0 என்றால் 3.6 லட்சம் கோடி. இந்த அளவை வருவாய்ச் செலவிலிருந்தும் வரி கட்டுவோரின் வட்டத்தை விரிப்பதிலிருந்தும் எடுக்க முடியாதென்றால், பெருக்கிக் கணக்கு சொன்னபடி வெட்டில் பாதிக்கு மேல் வீணாகும்.

8 சதவீத வளர்ச்சி நிலைத்துவிட்டால் நிலவரம் வேறு. படியிறக்கத்தில் 2028 மார்ச்சில் 57.3-இல் இருப்போம், அங்கிருந்து மூன்று ஆண்டில் 51-க்கு வர ஆண்டுக்கு 1.6 புள்ளிக்கு மேல் கூடுதல் வெட்டு வேண்டும். அப்படி ஒரு வெட்டை முயல்வதைவிட இலக்குத் தேதியைத் தள்ளிவைப்பதே மேல் என்பது எங்கள் கருத்து. p சுழியத்திலும் வளர்ச்சி வட்டியைவிட ஒரு புள்ளி மேலேயும் இருக்கும்வரை விகிதம் ஆண்டுக்கு அரைப் புள்ளி இறங்கிக்கொண்டே இருக்கும். நிபந்தனை மீறப்படவில்லை, தாமதமாகிறது, அவ்வளவே.

படியிறக்கத்தை உள்ளிருந்து குலைக்கக்கூடியது எட்டாவது ஊதியக் குழு. சம்பளமும் ஓய்வூதியமும் ஒருமுறை கூடினால் திரும்பக் குறையாது. p 0.6-லிருந்து 0.2-க்கு இறங்க வேண்டிய ஆண்டுகளில் அந்தச் செலவு வந்து விழுந்தால், 0.2 வீதம் இறங்குவதாகச் சொன்ன படி ஒன்று அப்படியே காணாமல் போகும். அட்டவணையின் p நிரலில் 2027, 2028 வரிசைகளை 0.8 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள்: 10 சதவீத வளர்ச்சியிலும் 2028 மார்ச்சில் 54.9 வரும். 55 என்ற கோட்டுக்கு மயிரிழை கீழே.